Id சைபர்னு காட்டுது, ஆனா மோட்டார் கொதிக்குது. அப்போ எஃப்ஓசி என்னதான் பிரிக்குது?

நூல்கண்டு_செல்வா · மார்ச் 3, இரவு 10:12

நூல் சுத்துற மெஷின் ஒண்ணுக்கு பிரஷ்லெஸ் மோட்டார் போட்டிருக்கேன். 14 துருவம், அதாவது 7 ஜோடி, 100 கேவி, அதாவது ஒரு வோல்ட்டுக்கு 100 ஆர்பிஎம், ஒரு ஃபேஸ் ரெசிஸ்டன்ஸ் 0.2 ஓம். 24 வோல்ட் சப்ளை, பெல்ட் டிரைவ். ஆங்கிள் பாக்க ஷாஃப்ட் பின்னாடி ஏஎஸ்5600 ஐ ஒட்டியிருக்கேன். சிம்பிள்எஃப்ஓசி லைப்ரரி, கரன்ட் சென்ஸ் உள்ள போர்டு. நூலோட இழுவிசை மாறாம இருக்கணும், அதனால ஸ்பீடு கன்ட்ரோல் வேண்டாம்னு நேரா டார்க் மோட்ல ஓட்டுறேன்.

ஓடுது. ஆனா கால் மணி நேரத்துல கை வைக்க முடியல. ஸ்க்ரீன்ல பாத்தா Id சைபரை ஒட்டியே ஆடுது, Iq மட்டும் 10, 11 ஆம்ப். நான் படிச்ச வரைக்கும் Iq தான் டார்க், Id ஃபிளக்ஸ். Id சைபர்னா குடுக்கிற கரன்ட் முழுசும் டார்க்காதானே மாறணும்? கன்ட்ரோல்ல தப்பே இல்ல, மோட்டார்தான் மட்டமான வைண்டிங்னு முடிவு பண்ணிட்டேன். யாராச்சும் மறுப்பு சொல்றதா இருந்தா காரணத்தோட சொல்லுங்க.

ஸ்பீடு_மணி · மார்ச் 3, இரவு 10:40

Id சைபர்ல இருக்குன்னா எஃப்ஓசி சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம் ப்ரோ. Id எப்பவும் சைபர்லதான் இருக்கணும், அதுதான் இதோட ரூலே. அந்த ஆட்டத்துக்கு பிஐ கெயினை குறைச்சுப் பாருங்க. சூடு வர்றது ரிப்பிள்னால இருக்கும்.

ஃபேன்_கார்த்தி · மார்ச் 3, இரவு 11:05

எங்க வீட்டு பிஎல்டிசி சீலிங் ஃபேன் ஆன் பண்ணா முதல்ல லேசா எதிர்ப்பக்கம் திரும்பிட்டு அப்புறம் நேரா சுத்துது. இதுவும் இந்த Id பிரச்சனைதானா? போர்டை மாத்தணுமா?

நூல்கண்டு_செல்வா · மார்ச் 4, காலை 6:50

இன்னொரு விஷயம் எழுத மறந்துட்டேன், இது முக்கியமான்னு தெரியல. ஸ்பிரிங் தராசை பெல்ட் புல்லில மாட்டி, 600 ஆர்பிஎம் ஓட்டத்துல ஒரே இழுப்பு வர்ற மாதிரி ரெண்டு பக்கமும் செட் பண்ணிப் பாத்தேன். நேர்ப்பக்கம் சுத்துறப்போ Iq 10.1 ஆம்ப் கேக்குது. எதிர்ப்பக்கம் அதே இழுப்புக்கு 11.5. சும்மா விட்டா டாப் ஸ்பீடும் எதிர்ப்பக்கம் கம்மி. பெல்ட்டைக் கழட்டிட்டு ஓட்டினாலும் டாப் ஸ்பீடு வித்தியாசம் போகல, அதனால பெல்ட் மேல பழி போட முடியல.

மணி ப்ரோ, கெயின் குறைச்சேன். ஆட்டம் அடங்கிருச்சு, சூடு அப்படியேதான் இருக்கு.

காயத்ரி_டிரைவ்ஸ் · மார்ச் 4, காலை 9:15

முக்கியமே அந்த ரெண்டாவது பதிவுதான். வைண்டிங் மட்டம்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மட்டமா இருக்கும். செம்புக்கு எந்தப் பக்கம் சுத்துறோம்னு தெரியாது. பக்கத்துக்குப் பக்கம் கணக்கு மாறுதுன்னா ஆங்கிள்ல தப்பு.

நீங்க ஸ்க்ரீன்ல பாக்குற Id உண்மையான Id இல்ல. அது கன்ட்ரோலர் நம்புற Id. எல்லாரும் இடறுற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

ரோட்டர்ல காந்தம் ஒரு திசையைப் பாத்து நிக்குது. அந்த திசைதான் டி அச்சு. அதுக்கு மின்கோணத்துல 90 டிகிரி தள்ளி இருக்கிறது க்யூ அச்சு. ஸ்டேட்டர்ல மூணு ஃபேஸ் கரன்டும் சேந்து ஒரே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குது, அதுக்கு ஒரு அளவு, ஒரு திசை. அந்தத் திசை காந்தத்தோட திசையிலயே இருந்தா ரோட்டர் அசையாது, ஏற்கனவே அங்கதானே பாத்துட்டு நிக்குது. 90 டிகிரி தள்ளி இருந்தா முழு பலத்தோட இழுக்கும். செக்கு மாட்டை நினைச்சுக்கோங்க, தடியோட நுனியில நின்னு தடிக்கு குறுக்கால இழுத்தா செக்கு சுத்தும். தடியோட நீளவாக்குல இழுத்தா எவ்வளவு முக்கினாலும் நடு உரல்தான் ஆட்டம் காணும், எண்ணெய் வராது. மாடு களைச்சுப் போறது மட்டும் ரெண்டுலயும் ஒண்ணுதான். அந்தக் களைப்புதான் உங்க செம்புல வர்ற சூடு.

இப்போ கன்ட்ரோலர் என்ன பண்ணுது? மூணு ஃபேஸ் கரன்டை அளக்குது, என்கோடர் சொன்ன ஆங்கிளை வெச்சு அதை டி, க்யூன்னு ரெண்டா உடைக்குது. ஆங்கிள் 30 டிகிரி தப்புன்னா அச்சே 30 டிகிரி தப்பா போட்டாச்சு. அந்தத் தப்பான அச்சுலதான் அது Id ஐ சைபருக்குக் கொண்டு வருது, கண்ணும் கருத்துமா. உண்மையான காந்தத்துக்கிட்ட கேட்டா, க்யூ பக்கம் கிடைச்சது 87 சதவீதம்தான், டி பக்கம் பாதி கரன்ட் போய்க்கிட்டு இருக்குன்னு சொல்லும். ரெண்டையும் கூட்டினா 137 ஆகுதேன்னு கேக்காதீங்க, செங்கோண முக்கோணத்தோட ரெண்டு பக்கம் அது.

அதனால Id சைபர்னு ஸ்க்ரீன்ல வர்றது பிஐ லூப் வேலை செய்யுதுங்கிறதுக்கு மட்டும்தான் சாட்சி, ஆங்கிள் சரிங்கிறதுக்கு சாட்சி இல்ல.

ஸ்பீடு_மணி · மார்ச் 4, காலை 9:50

அலைன்மென்ட் ஸ்டார்ட் ஆகுறப்போ தானா நடக்குதே. லைப்ரரியே ஒரு வோல்டேஜ் குடுத்து ரோட்டரை நிறுத்தி ஆங்கிளை எடுத்துக்கும். அதுல எப்படித் தப்பு வரும்?

காயத்ரி_டிரைவ்ஸ் · மார்ச் 4, மதியம் 1:20

ரோட்டர் அந்த இடத்துக்கு உண்மையிலேயே வந்து நின்னா தப்பு வராது. செல்வா, அலைன் பண்ணுறப்போ பெல்ட் மாட்டியிருந்துதா? `voltage_sensor_align` எவ்வளவு வெச்சீங்க?

நூல்கண்டு_செல்வா · மார்ச் 4, மதியம் 1:45

பெல்ட் எப்பவும் மாட்டியேதான் இருக்கும். பெல்ட் கழட்டி டாப் ஸ்பீடு பாத்தப்போ கூட, முன்னாடி ஒருதடவை பெல்ட்டோட அலைன் ஆனப்போ கிடைச்ச நம்பரையே கோட்ல எழுதி வெச்சு அதைத்தான் ஓட்டினேன். வோல்டேஜ் 1 வெச்சேன், டீஃபால்ட் 3 வோல்ட்ல விட்டா இந்த 0.2 ஓம் மோட்டார்ல 15 ஆம்ப் போகும், போர்டு தாங்காதுன்னு பயம்.

காயத்ரி_டிரைவ்ஸ் · மார்ச் 4, மாலை 6:30

பயந்தது சரிதான், ஆனா அதுலதான் தப்பு உள்ள வந்திருக்கு. 1 வோல்ட்னா 5 ஆம்ப். உங்க மோட்டார் 100 கேவி, அப்போ ஒரு ஆம்புக்கு சுமாரா 0.083 நியூட்டன் மீட்டர். 5 ஆம்புக்கு அதிகபட்சம் 0.41. ஆனா இந்த 0.41 கிடைக்கிறது ரோட்டர் 90 டிகிரி தள்ளி நிக்குறப்போதான். ரோட்டர் கிட்ட வர வர இழுப்பு சைன் கணக்குல குறையும், சரியான இடத்துல வந்து நிக்குறப்போ இழுப்பே சைபர். அதாவது கடைசி சில டிகிரில இழுக்க பலமே கிடையாது. பெல்ட், பேரிங் உராய்வு 0.14 இருந்தா, 20 மின் டிகிரிக்கு முன்னாடியே ரோட்டர் நின்னுரும். மெக்கானிக்கலா பாத்தா அது 3 டிகிரி கூட இல்ல, கண்ணால பாத்து சத்தியமா தெரியாது. 7 ஜோடியால பெருக்கினாதான் 20 ஆகுது.

பெல்ட்டைக் கழட்டிட்டு அலைன் பண்ணுங்க. கழட்ட முடியாத மெஷின்னா, அந்தப் பக்கத்துல இருந்து ஒருதடவை, இந்தப் பக்கத்துல இருந்து ஒருதடவை ரோட்டரைக் கொண்டு வந்து நிறுத்தி ரெண்டுக்கும் நடுவுல எடுங்க. உராய்வு ரெண்டு பக்கமும் ஒரே அளவு தடுக்கும், நடுப்புள்ளி சரியா வரும்.

ஆனா அதுக்கு முன்னாடி இருக்கிற தப்பை அளந்துருங்க. அதை அளக்காம சரி பண்ணா எது சரியாச்சுன்னு பின்னாடி தெரியாது. அதுக்கு ஒரு வழி இருக்கு, ராத்திரி எழுதுறேன்.

பழைய_வைண்டிங் · மார்ச் 4, இரவு 8:10

தம்பிகளா, காந்தம் இல்லாத காலத்துல இருந்து இந்த வேலையில இருக்கேன். இந்த ரெண்டா பிரிக்கிற சமாச்சாரம் ஒண்ணும் புதுசு இல்ல. பழைய டிசி மோட்டார்ல ஃபீல்டு காயில் தனி, ஆர்மெச்சர் தனி, ரெண்டுக்கும் தனித்தனி ஒயர். ஃபீல்டு கரன்டைக் கூட்டிக் குறைச்சா ஃபிளக்ஸ் மாறும், ஆர்மெச்சர் கரன்டைக் கூட்டினா டார்க் மாறும். ரெண்டும் 90 டிகிரில நிக்கிறத கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷ்ஷும் பாத்துக்கும். பிரஷ்ஷை தாங்குற வளையத்தைக் கொஞ்சம் திருப்பி வெச்சுட்டா ஒரு பக்கம் ஜோரா ஓடும், எதிர்ப்பக்கம் திணறும், பொறி பறக்கும். செல்வா தம்பி சொல்றது அப்படியே அதேதான்.

ஏசி மோட்டார்ல ரெண்டு வேலையும் ஒரே மூணு ஒயர்ல போகுது, அதனால பிரிக்க முடியாம ரொம்ப காலம் இருந்துச்சு. 1929ல பார்க்ங்கிறவர் சிங்க்ரனஸ் மெஷினுக்கு ரோட்டரோட கூடவே சுத்துற அச்சுல வெச்சு கணக்கு எழுதினார். அப்புறம் 1970களோட ஆரம்பத்துல ஜெர்மனில பிளாஷ்கே, இண்டக்‌ஷன் மோட்டாருக்கு இதைக் கன்ட்ரோலா ஆக்கினார். இன்னிக்கு கைக்கடக்கமான சிப் அந்தக் கணக்கை ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை போடுது.

மணி தம்பி, Id எப்பவும் சைபர்னு ரூல் கிடையாது. இண்டக்‌ஷன் மோட்டார்ல காந்தமே இல்ல, அங்க Id ஐ சைபர் ஆக்கினா ஃபிளக்ஸே இருக்காது, எவ்வளவு Iq குடுத்தாலும் சுத்தாது. அங்க Id தான் காந்தத்தை உண்டாக்குது.

ஸ்பீடு_மணி · மார்ச் 4, இரவு 8:35

இண்டக்‌ஷன் வேற சார். நான் சொன்னது பெர்மனென்ட் மேக்னட்டுக்கு. அதுல Id சைபர்தானே?

ஈவி_பாண்டி · மார்ச் 4, இரவு 9:05

அதுலயும் இல்ல ப்ரோ. என் ஸ்கூட்டர் ஹப் மோட்டார்ல டாப் ஸ்பீடு பத்தலன்னு நானே Id ஐ நெகட்டிவ்ல வெச்சு ஓட்டுறேன். காந்தத்துக்கு எதிரா கரன்ட் விட்டா அதோட புலம் கொஞ்சம் அடங்கும், பேக் இஎம்எஃப் குறையும், அதே பேட்டரில இன்னும் வேகமா போகலாம். செமையா போகுது.

காயத்ரி_டிரைவ்ஸ் · மார்ச் 4, இரவு 10:20

மணி, காந்தம் ரோட்டரோட மேல்பரப்புல ஒட்டியிருந்து, வோல்டேஜ் போதுமான அளவு இருக்கிற வேகம் வரைக்கும் நீங்க சொல்றது சரி. செல்வாவோட மோட்டார் அந்த வகைதான், அதனால அவருக்கு சைபர்தான் வேணும். காந்தத்தை இரும்புக்குள்ள புதைச்சு வெச்ச மோட்டார்னா, ப்ரியஸ் கார்ல இருக்கிற மாதிரி, அங்க இரும்பே ஒரு பக்கம் எளிதா காந்தமாகும், ஒரு பக்கம் ஆகாது. கொஞ்சம் நெகட்டிவ் Id குடுத்தா அந்த இரும்போட இழுப்பும் சேந்து டார்க் கூடும். அங்க Id சைபர்னு வெச்சா நஷ்டம்.

பாண்டி, ஒண்ணு கவனமா கேளுங்க. நீங்க அந்த வேகத்துல போறப்போ கன்ட்ரோலர் ஏதோ காரணத்துல டிரிப் ஆச்சுன்னா நெகட்டிவ் Id அந்த நிமிஷமே போயிரும். காந்தம் முழு பலத்துக்கு வந்துரும், பேக் இஎம்எஃப் பேட்டரி வோல்டேஜை விட மேல ஏறி, மாஸ்ஃபெட்டுக்குள்ள இருக்கிற டயோடு வழியா கரன்ட் திரும்பி பேட்டரிக்குள்ள ஓடும். சக்கரம் திடீர்னு பிரேக் பிடிக்கும், அந்த நேரம் பிஎம்எஸ் பேட்டரியைத் துண்டிச்சா வோல்டேஜ் ஏறி கன்ட்ரோலர் வெடிக்கும். எத்தனை வேகம் வரைக்கும் போறீங்கன்னு பாத்து, அந்த வேகத்துல பேக் இஎம்எஃப் எவ்வளவுன்னு கணக்குப் போட்டு, உங்க மாஸ்ஃபெட்டும் கெப்பாசிட்டரும் அதைத் தாங்குமான்னு பாருங்க. தாங்காதுன்னா அந்த வேகம் வேண்டாம்.

கார்த்தி, உங்க ஃபேன்ல என்கோடரே கிடையாது. பெரும்பாலும் பேக் இஎம்எஃப்பை வெச்சுதான் ஆங்கிளைக் கண்டுபிடிக்கும், நின்னுட்டு இருக்கிற மோட்டார்ல அது சைபர். அதனால ஸ்டார்ட்ல கண்ணை மூடிட்டு ஒரு திசையில புலத்தை வெச்சு ரோட்டரை இழுத்துட்டு வரும், ரோட்டர் எங்க நின்னுச்சோ அதைப் பொறுத்து முதல் அசைவு எந்தப் பக்கமும் இருக்கலாம். போர்டை மாத்த வேண்டாம்.

ஃபேன்_கார்த்தி · மார்ச் 4, இரவு 10:31

நன்றி மேடம். கடைக்காரர் புது போர்டு 900 ரூபான்னு சொன்னார், நல்ல வேளை.

காயத்ரி_டிரைவ்ஸ் · மார்ச் 4, இரவு 11:10

செல்வா, அளக்கிற வழி இதுதான். Id ஐ நம்ப முடியாது, ஆனா Vd ஐ நம்பலாம்.

மோட்டார்ல கரன்டே போகாம ஷாஃப்டை வெளியில இருந்து சுத்தினா காந்தம் உண்டாக்குற பேக் இஎம்எஃப் முழுசும் உண்மையான க்யூ அச்சுலதான் விழும். டி அச்சுல ஒண்ணுமே இருக்காது. இதை மாத்த எந்த சாஃப்ட்வேரும் இல்ல, காந்தமே சொல்ற சாட்சி. Iq டார்கெட்டை 0 வெச்சுட்டு டிரில்லால சுத்துங்க. கரன்டை சைபர்ல வெச்சிருக்க கன்ட்ரோலர் பேக் இஎம்எஃப்புக்கு சமமான வோல்டேஜைக் குடுத்துட்டே இருக்கும், அதுதான் Vq, Vd ஆ வெளிய வரும். அச்சு சரின்னா Vd சைபர். சாஞ்சிருந்தா Vd ல ஒரு பங்கு வந்துரும், ரெண்டுக்கும் உள்ள விகிதத்துல சாய்வு தெரியும்.

```
motor.torque_controller = TorqueControlType::foc_current;
motor.controller = MotionControlType::torque;
motor.target = 0;
motor.monitor_variables = _MON_VOLT_Q | _MON_VOLT_D | _MON_VEL;
```

ரெண்டு பக்கமும் சுத்தணும், அதுல அலட்சியம் வேண்டாம். ஏன்னு நம்பர் வந்ததும் சொல்றேன். வேகம் 600 ஆர்பிஎம்ல வெச்சுக்கோங்க, உங்க தராசு அளவும் அதே வேகத்துலதானே. ரொம்ப மெதுவா சுத்தினா பேக் இஎம்எஃப் சின்னதா இருக்கும், மாஸ்ஃபெட் டெட் டைமால வர்ற வோல்டேஜ் தப்பு அதை முழுங்கிரும்.

நூல்கண்டு_செல்வா · மார்ச் 6, இரவு 9:30

நேத்து முழுக்க டிரில்லை ஸ்டாண்டுல கட்டுறதுலயே போச்சு, ஷாஃப்ட் கொஞ்சம் சாஞ்சாலும் மேக்னட் ஆடி ரீடிங் ஆடுது. இன்னிக்கு கப்ளிங் போட்டு ஒழுங்கா எடுத்தேன். 600 ஆர்பிஎம்:

நேர்ப்பக்கம் Vq 3.41, Vd 0.60.
எதிர்ப்பக்கம் Vq மைனஸ் 3.00, Vd மைனஸ் 1.73.

அலைன்மென்ட்ல தப்புன்னா ரெண்டு பக்கமும் ஒரே சாய்வுதானே வரணும்? நேர்ப்பக்கம் 10 டிகிரி, எதிர்ப்பக்கம் 30 டிகிரி வருது. டிரில் தப்பா, நான் தப்பா எடுத்தேனான்னு தெரியாம திரும்பத் திரும்ப எடுத்தேன், அதேதான் வருது.

காயத்ரி_டிரைவ்ஸ் · மார்ச் 6, இரவு 10:45

நீங்க சரியாதான் எடுத்திருக்கீங்க, ரொம்ப நல்ல ரீடிங். உங்ககிட்ட ரெண்டு நோய் ஒண்ணா இருக்கு, ரெண்டு பக்கமும் சுத்தச் சொன்னது இதைப் பிரிக்கத்தான்.

அலைன்மென்ட் தப்பு எந்தப் பக்கம் சுத்தினாலும் ஒரே திசையில, ஒரே அளவு இருக்கும். என்கோடர் தாமதம் அப்படி இல்ல. சென்சார் சொல்ற ஆங்கிள் எப்பவும் பழைய ஆங்கிள், ரோட்டர் அதுக்குள்ள கொஞ்சம் முன்னாடி போயிருக்கும். நேர்ப்பக்கம் சுத்துறப்போ பின்தங்கி ஒரு பக்கம் சாயும், எதிர்ப்பக்கம் சுத்துறப்போ மறுபக்கம் சாயும். நிலையான தப்பு 20 டிகிரி, தாமதத்தால 10 டிகிரின்னு வெச்சுக்கோங்க. நேர்ப்பக்கம் 20ல 10 கழிஞ்சு 10. எதிர்ப்பக்கம் 20ஓட 10 சேந்து 30. உங்க ரீடிங் அதுதான்.

உங்க தராசும் இதையே சொல்லியிருக்கு பாருங்க. 10 டிகிரி சாய்வுல 10 ஆம்ப் டார்க் வேணும்னா 10.15 ஆம்ப் விடணும். 30 டிகிரில 11.55 விடணும். நீங்க முதல்ல எழுதினது 10.1, 11.5. ஸ்பிரிங் தராசும் டிரில்லும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு வழி, ரெண்டும் ஒரே இடத்துல வந்து நிக்குது, எனக்கு இதுல ரொம்ப சந்தோஷம்.

600 ஆர்பிஎம்னா செகண்டுக்கு 10 சுத்து, 7 ஜோடிக்கு மின் அலைவரிசை 70 ஹெர்ட்ஸ். அதுல 10 டிகிரி பின்தங்குதுன்னா தாமதம் 0.4 மில்லிசெகண்ட். ஏஎஸ்5600க்கு இது ஆச்சரியமே இல்ல, ஐ2சி ல ஒருதடவை படிக்கவே 400 கிலோஹெர்ட்ஸ்ல 0.1 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும், சிப்புக்குள்ள இருக்கிற ஃபில்டர் வேற. ஃபில்டர் செட்டிங் என்ன வெச்சிருக்கீங்க?

நூல்கண்டு_செல்வா · மார்ச் 6, இரவு 11:02

ஃபில்டரை முன்னாடியே வேகமான செட்டிங்க்கு மாத்தி வெச்சிருந்தேன்.

காயத்ரி_டிரைவ்ஸ் · மார்ச் 6, இரவு 11:20

நல்லது. டீஃபால்ட்ல விட்டிருந்தா அந்த ஃபில்டர் அடங்கவே 2.2 மில்லிசெகண்ட் ஆகும், இந்த வேகத்துலயே தாமதம் பல மடங்காயிருக்கும். புதுசா ஏஎஸ்5600 போடுறவங்க கவனிக்க வேண்டியது இது.

இப்போ 20 டிகிரியை மட்டும் முதல்ல எடுங்க. நேர்ப்பக்கம் சுத்துறப்போ Vq, Vd ரெண்டும் ஒரே குறியில இருக்கு, அதனால கன்ட்ரோலர் நினைக்கிற ஆங்கிள் உண்மையை விட முன்னாடி இருக்கு. `zero_electric_angle` ஐ 0.35 ரேடியன் கூட்டுங்க, ஏன்னா லைப்ரரி அதைக் கழிச்சுதான் ஆங்கிளை எடுக்குது.

நூல்கண்டு_செல்வா · மார்ச் 7, மாலை 5:15

கோட்ல முன்னாடி 2.11 இருந்துச்சு.

```
motor.zero_electric_angle = 2.11 + 0.35;
motor.sensor_direction = Direction::CW;
motor.initFOC();
```

திரும்ப டிரில். இப்போ ரெண்டு பக்கமும் Vq 3.4, Vd ரெண்டுலயும் மைனஸ் 0.6 கிட்ட வருது. நேர்ப்பக்கம் Vq பிளஸ், எதிர்ப்பக்கம் மைனஸ், Vd மட்டும் குறி மாறல. தாமதம் மட்டும் மிச்சம்னு புரியுது. தராசுலயும் ரெண்டு பக்கமும் 10.1, 10.2 தான். பெல்ட்டைக் கழட்டி தனியா அலைன் விட்டும் பாத்தேன், 2.44 வந்துச்சு, 2.46க்கு பக்கத்துலதான் இருக்கு.

ஆனா சூடு. எதிர்ப்பக்கம் குறைஞ்சிருக்கு, கையில தெரியுது. நேர்ப்பக்கம் பெருசா வித்தியாசம் இல்ல. இன்னும் கை வைக்க முடியல.

காயத்ரி_டிரைவ்ஸ் · மார்ச் 7, இரவு 9:40

அது எதிர்பாத்ததுதான். 10 ஆம்ப் சரியா க்யூ அச்சுல போனாலும் மூணு ஃபேஸ்லயும் சேத்து 30 வாட் செம்புல எரியும். 30 டிகிரி சாய்வுல 11.5 ஆம்ப் போனப்போ 40 வாட். அதாவது ஆங்கிள் தப்பு உங்க சூட்டுல நாலுல ஒரு பங்கு, அதுவும் எதிர்ப்பக்கம் மட்டும். மிச்ச 30 வாட் அந்த டார்க்குக்கான விலை. அது மோட்டார் மட்டம்ங்கிறதால இல்ல, சின்ன மோட்டார்கிட்ட பெரிய இழுப்பு கேக்குறதால.

பெல்ட் விகிதத்தை ரெண்டு மடங்கு ஆக்குங்க. மோட்டார் 1200 ஆர்பிஎம் சுத்தும், டார்க் பாதி போதும், கரன்ட் 5 ஆம்ப், சூடு நாலுல ஒண்ணா 7.5 வாட்டுக்கு இறங்கும். 24 வோல்ட்ல 1200க்கு இடம் தாராளமா இருக்கு.

ஸ்பீடு_மணி · மார்ச் 7, இரவு 10:05

ஒரு நிமிஷம், வேகம் ரெண்டு மடங்கானா தாமதத்தோட சாய்வும் ரெண்டு மடங்காகுமே. 10 டிகிரி 20 ஆயிரும்.

காயத்ரி_டிரைவ்ஸ் · மார்ச் 7, இரவு 10:18

சரியா பிடிச்சீங்க. 20 டிகிரில 6 சதவீதம் டார்க் போகும், அதைச் சரிகட்ட கரன்டைக் கூட்டினா சூடு 8.5 வாட். 30ல இருந்து 8.5, இன்னும் லாபம்தான். ஆனா தாமதத்துனால வர்ற Id ரெண்டு பக்கமும் பிளஸ் பக்கம் விழுது, காந்தத்தோட சேந்துக்கிட்டு புலத்தைக் கூட்டுது. அதனால டாப் ஸ்பீடு ரெண்டு பக்கமும் குறையும். செல்வாவுக்கு டாப் ஸ்பீடு தேவையில்ல, பாண்டி மாதிரி ஆளுக்கு இது உதைக்கும்.

சரி பண்ணணும்னா சென்சார் படிக்கிற இடத்துல ஷாஃப்ட் வேகத்தை 0.0004ஆல பெருக்கி ஆங்கிளோட கூட்டிருங்க. வேகக் கணக்கு அதிகமா இரைஞ்சா இந்தக் கூட்டலும் இரையும், அதனால ஃபில்டர் பண்ண வேகத்தை எடுங்க.

பழைய_வைண்டிங் · மார்ச் 8, காலை 7:00

0.4 மில்லிசெகண்ட் முழுசும் என்கோடருக்கு எழுதிட்டீங்களே அம்மா. வோல்டேஜ் கணக்குப் போட்டு பிடபிள்யூஎம்க்குப் போய்ச் சேரவும் நேரம் ஆகும் இல்ல? அந்த நேரத்துக்குள்ள ரோட்டர் நகர்ந்துரும். Vd ல அதுவும் சேந்துதான் தெரியும். ஆனா கரன்டை உடைக்கிற அச்சு அதனால சாயாது, பிஐ லூப் அதைச் சரிகட்டிரும். அப்போ நீங்க 0.4ஐ முழுசா ஆங்கிள்ல கூட்டினா கொஞ்சம் அதிகமா திருத்தின மாதிரி ஆகும்.

காயத்ரி_டிரைவ்ஸ் · மார்ச் 8, காலை 8:25

ஆமா அண்ணா, அது நியாயமான கேள்வி. 20 கிலோஹெர்ட்ஸ்ல லூப் ஓடினா அந்தப் பங்கு 75 மைக்ரோசெகண்ட் மாதிரி, 70 ஹெர்ட்ஸ்ல 2 டிகிரி கூட வராது. ஆனா செல்வாவோட லூப் ஐ2சி படிக்கிறதுக்காகக் காத்திருக்கிற லூப், அது அவ்வளவு வேகமா ஓட வாய்ப்பே இல்ல, அதனால அந்தப் பங்கு பெருசாவே இருக்கலாம். டிரில் டெஸ்ட்ல ரெண்டையும் பிரிக்க முடியாது. தராசுல பிரிக்கலாம், ஏன்னா டார்க் கரன்ட் அச்சைத்தான் பாக்கும். ஆனா 10 டிகிரிக்கும் 7 டிகிரிக்கும் டார்க் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கம்மி, ஸ்பிரிங் தராசு அதுக்குப் பத்தாது.

நூல்கண்டு_செல்வா · மார்ச் 8, இரவு 9:50

லூப் நேரத்தை அளந்தேன், ஒரு சுத்துக்கு சுமாரா 0.2 மில்லிசெகண்ட். அப்போ பழைய_வைண்டிங் சார் சொன்ன பங்கு சின்னது இல்ல. பாதுகாப்பா 0.0003 போட்டு வெச்சிருக்கேன், புல்லி பெருசு திங்கட்கிழமை வருது. 1200ல ஓட்டி, 0.0002, 0.0003, 0.0004 மூணுலயும் ஒரே நூல் இழுவிசைக்கு சப்ளைல இருந்து எவ்வளவு வாட் எடுக்குதுன்னு பாக்கப்போறேன், எது கம்மியோ அது. சூடு கையில தெரியறதை விட வாட் மீட்டர் நல்லா சொல்லும்னு நினைக்கிறேன்.

காயத்ரி_டிரைவ்ஸ் · மார்ச் 8, இரவு 10:15

வாட் மீட்டர் வழி நல்ல வழி. ஒவ்வொரு ரீடிங்குக்கும் முன்னாடி மோட்டார் ஒரே சூட்டுல இருக்கிற மாதிரி பாத்துக்கோங்க, செம்பு 50 டிகிரி சூடானா ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட 20 சதவீதம் ஏறிரும், நீங்க தேடுற வித்தியாசம் அதுக்குள்ள காணாம போயிரும். அதுக்கும் மேல துல்லியம் வேணும்னா எஸ்பிஐ ல படிக்கிற ஏஎஸ்5047பி மாதிரி ஒண்ணை மாத்திருங்க, அதுக்குள்ளயே வேகத்துக்கு ஏத்த ஆங்கிள் திருத்தம் இருக்கு.

ஈவி_பாண்டி · மார்ச் 9, காலை 6:40

காயத்ரி மேடம் சொன்னதுக்கு அப்புறம் கணக்குப் போட்டேன், என் டாப் ஸ்பீடுல பேக் இஎம்எஃப் பேட்டரியை விட 14 வோல்ட் மேல போகுது, கெப்பாசிட்டர் ரேட்டிங் 63 தான். நெகட்டிவ் Id ஐ பாதியா குறைச்சுட்டேன். ஒரு சந்தேகம், என் மோட்டார்ல ஹால் சென்சார்தான், 60 டிகிரிக்கு ஒருதடவைதான் ஆங்கிள் மாறும். டிரில்லுக்குப் பதிலா வண்டியை ஸ்டாண்டுல போட்டு சக்கரத்தைக் கையால சுத்தி இந்த Vd டெஸ்டைப் பண்ணலாமா?

காயத்ரி_டிரைவ்ஸ் · மார்ச் 9, காலை 9:05

கையால சுத்துற வேகம் பத்தாது, அதுல ஹால் நடுவுல ஆங்கிளை ஊகிக்கிறதே சரியா வராது. ஸ்டாண்டுல நல்லா வேகமா ஓடவிட்டு, த்ராட்டிலை விட்டு, Iq சைபர்ல தானா உருளுறப்போ Vd ஐப் பாருங்க. ரீஜென் பிரேக்கை ஆஃப் பண்ணிட்டு செய்யுங்க, இல்லன்னா Iq சைபர் ஆகாது. எதிர்ப்பக்கமும் ஒருதடவை.